விடுதி அறை டிவியில் நம் கணக்கு: எந்த வழியில் நுழைவது, எப்படி முழுமையாக வெளியேறுவது

விடுதி அறையிலோ ஹோம்ஸ்டேயிலோ இருக்கும் ஸ்மார்ட் டிவியில் நம் நெட்ஃபிளிக்ஸையோ யூடியூபையோ பார்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கடவுச்சொல்லைப் பதிவது ஒன்று. திரையில் தோன்றும் குறியீட்டைக் கைப்பேசியில் கொடுத்து அனுமதிப்பது இன்னொன்று. டிவியில் உள்நுழையாமலே கைப்பேசியிலிருந்து காஸ்ட் செய்வது மூன்றாவது. நம்முடைய மடிக்கணினியையோ ஃபயர் டிவி ஸ்டிக்கையோ எச்டிஎம்ஐ துளையில் செருகுவது நான்காவது.

பெரும்பாலோர் அந்த நேரத்தில் எது சுலபமோ அதைச் செய்துவிடுகிறார்கள். நான் வேறொரு கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அறையைக் காலி செய்த பிறகு அந்த டிவிக்குள் நம்முடையது என்று என்ன மிஞ்சியிருக்கும்? மிஞ்சியதை நம் வீட்டில் உட்கார்ந்தபடியே அழிக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் நான்கு வழிகளும் நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன.

முதலில் டிவியைப் பாருங்கள்

பெரிய விடுதிகளில் இருப்பது பெரும்பாலும் விடுதிக்கென்றே அமைக்கப்பட்ட டிவி. போட்டதும் நம் பெயரையோ அறை எண்ணையோ காட்டி வரவேற்கும். விடுதியின் சொந்த மெனு வரும். இத்தகைய அமைப்புகளில் பல, வரவேற்பு மேசையில் நம் கணக்கை முடித்ததும் டிவியில் இருக்கும் விருந்தினர் தகவல்களை அழித்துவிடும்படி இணைக்கப்பட்டிருக்கும். ஹோம்ஸ்டே, சர்வீஸ் அபார்ட்மென்ட், சிறிய லாட்ஜ் ஆகியவற்றில் இருப்பது கடையில் வாங்கி மாட்டிய சாதாரண வீட்டு டிவி. அதை யாரும் அழிப்பதில்லை. அறையைப் பெருக்கித் துடைத்துப் படுக்கை விரிப்பை மாற்றுகிறவருக்கு டிவிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை.

இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது எளிது. நெட்ஃபிளிக்ஸ் செயலியைத் திறந்து பாருங்கள். உள்நுழையும் பக்கம் வந்தால் நல்லது. “Who's watching?” என்று கேட்டு, நமக்குத் தெரியாத பெயர்களைக் காட்டினால், முன்பு தங்கியவர்களின் கணக்கு அப்படியே கிடக்கிறது என்று பொருள். இலவசமாகக் கிடைத்ததே என்று அதில் படம் பார்க்க வேண்டாம். அவர்களுக்காக அதிலிருந்து வெளியேறிவிடுங்கள். கூடவே, இந்த டிவியை யாரும் சுத்தம் செய்வதில்லை, நம் கணக்கையும் நாம்தான் எடுத்தாக வேண்டும் என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ரிமோட்டா, குறியீடா?

நாம் எந்த வழியில் உள்நுழைந்தாலும், நம்மைச் சரிபார்த்த பிறகு அந்த நிறுவனம் டிவிக்கு ஒரு டோக்கனைக் கொடுக்கிறது. “இந்தப் பெட்டி இன்னாருடைய கணக்கைப் பயன்படுத்தலாம்” என்ற அனுமதிச் சீட்டு அது. டிவி அதைத் தன் நினைவகத்தில் சேமித்துக்கொள்கிறது. செயலியை மூடினாலும், டிவியை அணைத்தாலும், மின்சாரம் போய் வந்தாலும் அது அழியாது. நாம் வெளியேறும்வரையோ நிறுவனம் ரத்து செய்யும்வரையோ அந்தச் சீட்டு செல்லும்.

ஆகவே டோக்கன் தங்கிவிடும் ஆபத்தில் ரிமோட் வழிக்கும் குறியீட்டு வழிக்கும் வேறுபாடு இல்லை. கடவுச்சொல் எங்கே போகிறது என்பதில்தான் வேறுபாடு. ரிமோட்டால் பதிந்தால் கடவுச்சொல் அந்த டிவி வழியாகவே போகிறது. அதில் யார் என்ன செயலியை நிறுவியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. எழுத்து எழுத்தாக அம்புக்குறியை நகர்த்துவதை அறையில் இருப்பவர்கள் அனைவரும் பார்க்கலாம். கூகுள் கடவுச்சொல் என்றால் அதுவே நம் மின்னஞ்சலின் கடவுச்சொல். அமேசான் என்றால் அதுவே கடைக் கணக்கு. ஒரு படத்துக்காக அதைக் கொடுக்கும் அளவுக்கு அவசரம் எதுவும் இல்லை.

குறியீட்டு வழியில் கடவுச்சொல் டிவிக்குப் போவதே இல்லை. டிவி ஒரு குறியீட்டைக் காட்டும். ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் நம் கைப்பேசியில் அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து குறியீட்டைக் கொடுத்தால், அனுமதிச் சீட்டு மட்டும் டிவிக்குப் போய்ச் சேரும். விசைப்பலகை இல்லாத கருவிகளுக்காகவே உருவான இந்த முறை 2019-இல் ஆர்எஃப்சி 8628 என்ற எண்ணில் இணையத் தரநிலையாகவும் வெளியானது. நெட்ஃபிளிக்ஸுக்கு netflix.com/tv8, யூடியூபுக்கு youtube.com/activate, பிரைம் வீடியோவுக்கு primevideo.com/mytv என்ற முகவரிகளில் குறியீட்டைக் கொடுக்கலாம்.

இந்த முகவரிகளை நீங்களே உலாவியில் தட்டச்சு செய்யுங்கள். தேடுபொறியில் தேடி வருவதில் முதலாவதைத் தொடாதீர்கள். “டிவியை ஆக்டிவேட் செய்கிறோம்” என்ற பெயரில் பணம் கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. உண்மையான நிறுவனம் எதுவும் குறியீட்டை ஏற்கக் கட்டணம் கேட்பதில்லை. அதேபோல, நம் கண் முன்னால் இருக்கும் திரையில் தோன்றிய குறியீட்டை மட்டுமே கொடுக்க வேண்டும். “இந்த எண்ணைக் கொஞ்சம் போட்டுவிடுங்கள்” என்று யாராவது குறுஞ்செய்தியில் அனுப்பினால், அது அவருடைய கருவியை நம் கணக்குக்குள் விடும் வேலை. விடுதி ஊழியர் என்று சொல்லிக்கொண்டு கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி வகைகளில் ஒரு பொறி இருக்கிறது. புதிய செயலி ஒன்றை நிறுவப் போனால் அந்த டிவி, கருவிக்கே கூகுள் கணக்கைச் சேர்க்கச் சொல்லும். இது யூடியூப் செயலிக்குள் நுழைவது போன்றதல்ல. டிவி முழுவதுமே நம் கணக்கின்கீழ் வந்துவிடும்: பிளே ஸ்டோர் நம் பெயரில் திறக்கும், அதில் சேமித்திருக்கும் கட்டண முறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், கூகுள் போட்டோஸைத் திரைக்காப்பாக வைத்துவிட்டால் நம் குடும்பப் படங்கள் அடுத்து வருகிறவர்களின் முன்னால் ஓடும். ஃபயர் டிவியில் அமேசான் கணக்கைப் பதிவதும் இப்படித்தான். பிறர் டிவியில் கருவி அளவில் கணக்கைச் சேர்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தேவையான செயலி அதில் இல்லையென்றால் வேறு வழிக்குப் போய்விடுங்கள்.

காஸ்ட் செய்வது

காஸ்ட் செய்யும்போது உள்நுழைவு கைப்பேசியிலேயே இருக்கிறது. டிவி அந்த நேரத்துக்கு மட்டும் படத்தை இழுத்துக் காட்டுகிறது. இணைப்பைத் துண்டித்ததும் அடுத்தவர் திறந்து பார்க்கும்படியான கணக்கு எதுவும் அதில் இருக்காது. எனவே மிஞ்சுவதைக் கணக்கில் எடுத்தால் இது முந்தைய இரண்டையும் விட மிக நல்ல வழி.

விடுதிகளில் இதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கும். டிவி திரையில் வரும் கியூஆர் குறியைக் கைப்பேசியால் படித்தால் அந்த அறையின் டிவியோடு மட்டும் இணைப்பு உண்டாகும். ஐபோன்காரர்களுக்கு ஏர்பிளேயும் சில விடுதிகளில் கிடைக்கிறது. 2024 ஏப்ரலில் ஐஎச்ஜி குழுமத்தின் வட அமெரிக்க விடுதிகள் சிலவற்றில் எல்ஜி டிவிகளோடு அது தொடங்கியது. ஆனால் காஸ்ட் பட்டனைத் தொட்டதும் பல அறைகளின் டிவிகள் பட்டியலில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். வைஃபையில் அறைகளைத் தனித்தனியாகப் பிரிக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். நம் படம் பக்கத்து அறையில் ஓடலாம், பக்கத்து அறைக்காரர் நம் டிவியில் எதையாவது போடலாம். அத்தகைய இடத்தில் காஸ்ட் செய்ய வேண்டாம்.

இந்த வழிக்கு ஒரு பெரிய தடை நெட்ஃபிளிக்ஸ்தான். ஏர்பிளே ஆதரவை 2019-இலேயே நிறுத்திவிட்டது. 2025 இறுதியில், கைப்பேசியிலிருந்து பெரும்பாலான டிவிகளுக்குக் காஸ்ட் செய்யும் வசதியையும் எடுத்துவிட்டது. தனி ரிமோட் இல்லாத பழைய குரோம்காஸ்ட் போன்ற சிலவற்றில் மட்டுமே அது மிஞ்சியிருக்கிறது. டிவியின் பின்னால் அப்படியொரு பழைய குரோம்காஸ்டைச் செருகி வைத்திருக்கும் விடுதியில் நடக்கலாம். ஹோம்ஸ்டேயின் கூகுள் டிவியில் நடக்காது.

யூடியூபுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரே வைஃபையில் இல்லாவிட்டாலும் வழி உண்டு. டிவியின் யூடியூப் செயலியில் உள்நுழையாமல் விருந்தினராகவே இருந்து, அமைப்புகளில் “Link with TV code” என்பதைத் திறந்தால் ஓர் எண் வரும். அதைக் கைப்பேசி யூடியூபில் கொடுத்தால் கைப்பேசியே ரிமோட் ஆகிவிடும். பார்த்த வரலாறு நம் கணக்கில் சேரும். கணக்கு டிவியில் ஏறாது. ஆனால் இந்த இணைப்பு தானாக அறுவதில்லை. நமக்கு முன் தங்கியவரின் கைப்பேசி இன்னும் இணைந்திருந்தால் எங்கோ இருக்கும் அவர் நம் டிவியில் காணொளி போடவும் முடியும். அதனால் அறைக்குள் வந்ததும் ஒரு முறை, கிளம்பும்போது ஒரு முறை, அதே அமைப்புகளில் இணைந்த கருவிகளின் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

கேபிளும் ஸ்டிக்கும்

பாதுகாப்பை மட்டும் பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் டிவி வெறும் திரையாகிவிடுகிறது. கேபிளைக் கழற்றினால் வேலை முடிந்தது. வெளியேற வேண்டிய அவசியமே எழாது.

நடைமுறையில்தான் இடறும். சில விடுதிகளில் எச்டிஎம்ஐ துளை சுவரோடு ஒட்டியிருக்கும், அல்லது ரிமோட்டில் உள்ளீட்டை மாற்றும் பட்டனைச் செயலிழக்க வைத்திருப்பார்கள். கைப்பேசியிலிருந்து கேபிள் போட நினைத்தால், அதன் யூஎஸ்பி-சி துளை படத்தை வெளியே அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. துளை ஒன்றுபோலத் தெரிந்தாலும் படம் வராது. கிளம்பும் முன் வீட்டு டிவியில் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஸ்டிக் கொண்டுபோனால், அறை எண்ணும் பெயரும் கேட்கும் விடுதி வைஃபை பக்கம் வரும். ஃபயர் டிவி ஸ்டிக்கில் அந்தப் பக்கத்தைத் திறந்து நிரப்ப முடியும். அதுவும் முடியாதபோது கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் கைகொடுக்கும். எச்டி தரத்தில் மணிக்கு ஏறத்தாழ 3 ஜிபி வரை போகும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. சாதாரணத் தரத்தில் 1 ஜிபி. இரண்டரை மணி நேரப் படத்துக்கு எச்டியில் ஏழெட்டு ஜிபி ஆகிவிடும் என்பதால், தினசரி ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருப்பவர்கள் சாதாரணத் தரத்தில் பார்த்தாலும் பாதியிலேயே நின்றுவிடுவார்கள்.

இன்னொன்று: ஸ்டிக்கை மறந்து அங்கேயே விட்டுவிட்டால், கணக்கோடு சேர்த்துத்தான் விட்டு வந்திருப்போம். மடிக்கணினியை மறப்பவர் அரிது. என் ஓட்டு கேபிளுக்கே.

ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம்

கொடைக்கானலில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட். நான்கு பேர் கொண்ட குடும்பம், இரண்டு இரவுகள். சுவரில் ஒரு கூகுள் டிவி. முந்தைய விருந்தினரின் யூடியூப் கணக்கு அதில் அப்படியே இருக்கிறது. மடிக்கணினி கொண்டுவரவில்லை. குழந்தைகளுக்கு யூடியூப், இரவில் பெரியவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸில் ஒரு படம்.

யூடியூபில் முடிவு சுலபம். பழைய கணக்கை நீக்கிவிட்டு, விருந்தினராகவே வைத்துக் கைப்பேசியிலிருந்து காஸ்ட் செய்யலாம். நெட்ஃபிளிக்ஸில் காஸ்ட் வழி அடைபட்டிருப்பதால் குறியீட்டு வழிதான் மிச்சம். கைப்பேசியில் netflix.com/tv8 திறந்து, திரையில் உள்ள எட்டு இலக்கத்தைக் கொடுத்தால் டிவி திறந்துகொள்ளும். வீட்டுக்கு வெளியே உள்ள டிவி என்பதால் பயணத்தில் இருக்கிறீர்களா என்று கேட்டு, கணக்கின் உரிமையாளரின் மின்னஞ்சலுக்கோ கைப்பேசிக்கோ ஒரு தற்காலிகக் குறியீட்டை அனுப்பவும் கூடும். கணக்கு மதுரையில் இருக்கும் மாமனார் பெயரில் இருந்தால் குறியீடு அவருக்குத்தான் போகும். சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். படம் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது உதவும்.

வெளியேறும் நேரத்தைக் கிளம்பும் காலைக்கு ஒத்திப்போடக் கூடாது. பல விடுதிகளில் சாவி அட்டையை உருவியதும் அறையின் மின்சாரம் போய்விடும். பெட்டியோடு வாசலில் நிற்கும்போது டிவி நினைவுக்கு வந்தால் பலனில்லை. கடைசி இரவு படம் முடிந்ததும், ரிமோட் கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

நெட்ஃபிளிக்ஸில் “Get Help” பகுதிக்குள் “Sign out” இருக்கும். அந்த மெனு கண்ணில் படாவிட்டால், ரிமோட்டில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, மேல், மேல், மேல், மேல் என்று அம்புக்குறிகளை அழுத்தினால் வெளியேறும் பெட்டி திறக்கும். இது நெட்ஃபிளிக்ஸே தன் உதவிப் பக்கத்தில் தரும் வழி. புரொஃபைலை மாற்றுவதும் செயலியை மூடுவதும் வெளியேறுவது ஆகாது. வெளியேறியதும் செயலியை மீண்டும் திறந்து பார்க்க வேண்டும். உள்நுழையும் பக்கம் வந்தால்தான் வெளியேறியிருக்கிறோம். புரொஃபைல் முகங்கள் வந்தால் இன்னும் உள்ளேதான் இருக்கிறோம்.

யூடியூபில் உள்நுழைந்திருந்தால் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெறும் “Sign out” போதாது. கணக்குப் பட்டியலில் நம் பெயர் தொங்கிக்கொண்டிருக்கக் கூடும். அதே இடத்தில் “Remove account” கொடுத்து, பட்டியலில் நம் பெயர் இல்லை என்று பார்த்துவிடுங்கள். கருவி அளவில் கூகுள் கணக்கைச் சேர்த்துவிட்டிருந்தால், டிவி அமைப்புகளில் உள்ள கணக்குப் பகுதியிலிருந்தே நீக்க வேண்டும். டிவியை முழுவதுமாகத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோனால் எல்லாம் அழியும் என்பது உண்மைதான். ஆனால் அது வீட்டுக்காரரின் டிவி. அவர் செய்த அமைப்புகளும் வைஃபை இணைப்பும் சேர்ந்து அழியும். அவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கைப்பேசியிலிருந்து சரிபார்ப்பது

டிவி “வெளியேறிவிட்டீர்கள்” என்று சொல்வது ஒரு சாட்சி மட்டுமே. இன்னொரு சாட்சி நிறுவனத்தின் கணக்குப் பக்கம். நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் “Manage access and devices” என்ற பக்கத்தைக் கொண்டுவந்தது. அண்மையில் கணக்கைப் பயன்படுத்திய கருவிகளும் நேரமும் இடமும் அதில் இருக்கும். கொடைக்கானல் டிவி அதில் இன்னும் இருந்தால், அந்த ஒன்றை மட்டும் அங்கிருந்தே வெளியேற்றலாம். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பட்டனும் உண்டு. ஆனால் அதை அழுத்தினால் மதுரை வீட்டு டிவியும் சேர்ந்து வெளியேறிவிடும், மாமனார் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும். ஒன்றைத் தனியாக நீக்க முடியும்போது எல்லாவற்றையும் நீக்கத் தேவையில்லை.

கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதியில் “Your devices” என்ற பட்டியல் இருக்கிறது. அதில் அந்த டிவியைத் தொட்டு வெளியேற்றலாம். வெளியேற்றிய பிறகும் சில வாரங்களுக்கு அந்தப் பெயர் பட்டியலில் தெரியலாம். “Signed out” என்று பக்கத்தில் போட்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கணக்கோடு இணைந்த செயலிகளின் பட்டியலையும் ஒரு முறை பாருங்கள். டிவியில் யூடியூபுக்குக் கொடுத்த அனுமதி அங்கே தனியாகத் தெரிந்தால் அதையும் நீக்கிவிடலாம். பிரைம் வீடியோவில் கணக்கு அமைப்புகளுக்குள் “Your Devices” பகுதியில் “Deregister” கொடுப்பதுதான் வழி.

பட்டியலில் எந்த டிவி எது என்று குழப்பம் வருவது இயல்பு. வீட்டிலும் எல்ஜி, விடுதியிலும் எல்ஜி என்றால் இரண்டும் ஒரே பெயரில் நிற்கும். அதற்காகத்தான், உள்நுழைந்த உடனேயே அந்தப் பக்கத்தைத் திறந்து, புதிதாக முளைத்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நேரமும் ஊரும் அதில் பதிவாகியிருக்கும். பிறகு எதை நீக்குவது என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

ரிமோட்டால் கடவுச்சொல்லைப் பதிந்தவர்களுக்கு மட்டும் ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. டோக்கனை ரத்து செய்தாலும் கடவுச்சொல் அந்த டிவி வழியாகப் போனது போனதுதான்; அதை மாற்ற வேண்டும். மாற்றும்போது, எல்லாக் கருவிகளும் மறுபடி உள்நுழைய வேண்டும் என்ற தேர்வுப் பெட்டியை நெட்ஃபிளிக்ஸ் காட்டும். அதில் டிக் போடாமல் மாற்றினால், பழைய டோக்கனை வைத்திருக்கும் டிவி புதிய கடவுச்சொல்லைக் கேட்காமலே படம் காட்டிக்கொண்டிருக்கலாம். அதே கடவுச்சொல்லை வேறு தளங்களிலும் வைத்திருந்தால் அங்கும் மாற்றுங்கள்.

எதையும் செய்யாமல் ஊர் திரும்பிவிட்டாலும் கைமீறிப் போய்விடவில்லை. மேலே சொன்ன மூன்று பக்கங்களும் வீட்டிலிருந்தே திறக்கும். நெட்ஃபிளிக்ஸில் தொலைவிலிருந்து வெளியேற்றுவது உடனே நடக்காமல் சற்று நேரம் எடுக்கலாம். அந்த டிவி அணைந்திருந்தால் அடுத்து இணையத்தோடு இணையும்போதுதான் அதற்குத் தெரியவரும். மறுநாள் ஒரு முறை பட்டியலைத் திறந்து, “தொடர்ந்து பார்க்க” வரிசையில் நாம் பார்க்காத படம் ஏதாவது முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வெளியேற்றம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை, அல்லது தவறான டிவியை நீக்கியிருக்கிறோம். அந்த நிலையில் மட்டும், வீட்டு டிவிக்கு ஆகும் சிரமத்தைப் பொருட்படுத்தாமல், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பட்டனை அழுத்திவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.